முட்டி வலி, 80 கிலோ எடை: எலிப்டிக்கல் வாங்கவா, டிரெட்மில் வாங்கவா?

மாங்கொட்டை
2025 ஏப்ரல் 5, இரவு 9.40

வயசு 51, உயரம் 156, எடை 80. வலது முட்டி வலிக்கிறது. படி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டிச்சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று இருக்கும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "ஆரம்பத் தேய்மானம்தான், எடையைக் குறைங்க, நடங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது? கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தெரு முழுக்க மேடு பள்ளம். விடியற்காலையில் நாய்களின் ராஜ்யம் வேறு.

வீட்டில் ஒரே ஒரு மெஷினுக்குத்தான் இடம், மாடி ரூமில். வீட்டுக்காரர் டிரெட்மில் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகள், "அம்மா, டிரெட்மில் முட்டியைக் காலி பண்ணிடும், நின்னுக்கிட்டே பெடல் மிதிக்கிற எலிப்டிக்கல் வாங்கு" என்கிறாள். கடைக்காரர் எது விலை அதிகமோ அதுதான் நல்லது என்கிறார். உபயோகித்தவர்கள் சொல்லுங்கள். யோகா, சித்த வைத்தியம் எல்லாம் வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

கெலமங்கலம் பையன்
ஏப்ரல் 5, இரவு 10.15

இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்லக்கா, எலிப்டிக்கல்தான். பாதம் பெடல்ல இருந்து எழும்பவே எழும்பாது, அதனால இம்பாக்ட் சுத்தமா ஜீரோ. முட்டிக்கு லோடே கிடையாது. டிரெட்மில்ல ஒவ்வொரு அடியும் குதிகால்ல இருந்து முட்டி வரைக்கும் டம்முனு இடிக்கும். அதுபோக எலிப்டிக்கல்ல கையும் சேர்ந்து வேலை செய்யும், கலோரி டபுளா எரியும். எங்க ஜிம்முல அரைமணி நேரம் ஓட்டினா ஸ்கிரீன்ல 400 காட்டுது.

வத்தல்மலை
ஏப்ரல் 6, காலை 5.50

மெஷின் எதற்கம்மா? நான் எழுபதைத் தாண்டியவன். தினமும் காட்டுக்குப் போய் வருகிறேன், செருப்புகூடப் போடுவதில்லை. இரவில் கேழ்வரகுக் களி. எடையும் இல்லை, முட்டி வலியும் இல்லை. அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டுக் களிக்கு மாறுங்கள், தானாகக் குறையும்.

மாங்கொட்டை
ஏப்ரல் 6, காலை 6.20

ஐயா, கேள்வி மெஷினைப் பற்றி. நான் செருப்பில்லாமல் எங்கள் தெருவில் நடந்தால் முட்டிக்கு முன்னால் பாதம் போய்விடும்.

நெல்லிமரம்
ஏப்ரல் 6, பிற்பகல் 2.05

தருமபுரியில் பிசியோவாக இருக்கிறேன். கெலமங்கலம் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

எலிப்டிக்கலில் இடி குறைவு, அது உண்மை. ஆனால் இடி வேறு, மூட்டின் மேல் ஏறும் சுமை வேறு. முட்டிக்குள் ஏறும் சுமையில் பெரும்பங்கு தரையிலிருந்து வருவதில்லை, தொடைத் தசை இழுக்கும் இழுப்பிலிருந்து வருகிறது. கால் தரையைத் தட்டவே வேண்டாம், முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு அழுத்தினாலே போதும், முட்டிச்சில்லு தொடை எலும்போடு நெருக்கப்படும். அமெரிக்காவில் செயற்கை மூட்டு வைக்கும்போது உள்ளேயே அளவுமானியைப் பொருத்தி, அந்த ஆட்களை ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றி அளந்திருக்கிறார்கள். சமதளமாக வைத்த டிரெட்மில்லில் சாதாரணமாக நடக்கும்போதும், எலிப்டிக்கல் மிதிக்கும்போதும் முட்டியில் ஏறிய உச்சச் சுமை ஏறக்குறைய ஒன்றுதான், உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளில் அதில் பாதி. ஓடும்போதுதான் எங்கேயோ போய்விடுகிறது. அளந்தது சில பேரிடம்தான், அதுவும் செயற்கை மூட்டில். அதனால் அந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "லோடே கிடையாது" என்பது மட்டும் தவறு என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆக "முட்டிக்கு எது நல்லது" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. முட்டியில் எந்த இடம் என்று கேட்க வேண்டும். உங்களுக்குப் படி இறங்கும்போது, சில்லுக்குப் பின்னால். அந்த இடம் மடங்கிய முட்டியில் எடை ஏறுவதைத்தான் தாங்காது. சமதளத்தில் நடக்கும்போது எடை ஏறும் நேரத்தில் முட்டி கிட்டத்தட்ட நீட்டியே இருக்கும். எலிப்டிக்கலில், அதிலும் சின்ன மெஷினில், எப்போதும் மடங்கியே இருக்கும். உங்களுக்கு டிரெட்மில் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் வாங்காதீர்கள். முதலில் ஏதாவது ஜிம்மில் ஒரு மாதம் கட்டி இரண்டிலும் ஏறிப் பாருங்கள்.

ஓசூர் ஷிப்டு
ஏப்ரல் 6, இரவு 11.30

நான் இதுக்கு நேர் எதிர். சிப்காட்ல நின்னுக்கிட்டே வேலை. எனக்கு முட்டி இல்ல, குதிகால். காலைல கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வெச்சா உயிர் போகும். டிரெட்மில்ல பத்து நிமிஷம் நடந்தா மறுநாள் ஷிப்டுக்கு நொண்டிக்கிட்டேதான் போகணும். எலிப்டிக்கலுக்கு மாறினதுக்கு அப்புறம் நிம்மதி. 96ல இருந்து 89க்கு வந்திருக்கேன். யார் என்ன அளந்தாலும் நான் அதை விடப்போறதில்ல.

நெல்லிமரம்
ஏப்ரல் 7, காலை 7.10

விடவே வேண்டாம். குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் பிரச்சினை இடிதான், அங்கே எலிப்டிக்கல் ஜெயிக்கும். இரண்டு பேருக்கும் கால் வலிதான், ஆனால் இடம் வேறு என்பதால் மெஷினும் வேறு.

கெலமங்கலம் பையன்
ஏப்ரல் 7, காலை 9.00

சரி மேடம், லோடு விஷயத்தை விடுங்க. கலோரி? அக்காவுக்கு எடை குறையணும். டிரெட்மில்ல ஆமை மாதிரி நடந்தா என்ன எரியும்? அப்புறம் எலிப்டிக்கல்ல பின்பக்கமா மிதிச்சா முட்டிக்கு நல்லதுன்னு எங்க டிரெய்னர் சொல்றாரு.

நெல்லிமரம்
ஏப்ரல் 7, பிற்பகல் 1.45

பின்பக்கமாக மிதித்தால் தொடையின் முன்தசைக்கு வேலை கூடும். திடமான முட்டிக்கு அது நல்ல பயிற்சி. சில்லுக்குப் பின்னால் வலிக்கிறவருக்கு முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

கலோரிக்கு வேகத்தைக் கூட்டத் தேவையில்லை, பலகையைச் சாய்த்தால் போதும். நடைக்குச் செலவாகும் ஆக்சிஜனைக் கணக்கிடப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கிறோமோ அதில் பத்தில் ஒரு பங்கு. அதோடு, அந்த மீட்டரைச் சாய்வு சதவீதத்தாலும் 1.8ஆலும் பெருக்கி வருவது. அதோடு சும்மா இருந்தாலே செலவாகும் 3.5. மொத்தம், ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லிலிட்டர் என்று வரும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு சுமார் 5 கலோரி. யாராவது போட்டுப் பாருங்கள், நான் கிளினிக்கில் இருக்கிறேன்.

மாங்கொட்டை
ஏப்ரல் 7, இரவு 8.30

நான் கணக்கு டீச்சர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சு தேவைப்பட்டிருக்காது.

மணிக்கு 4.8 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 80 மீட்டர். சமதளத்தில் 8 + 3.5 = 11.5. என் 80 கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.92 லிட்டர், அதாவது 4.6 கலோரி. அரைமணிக்கு 138.

அதே வேகம், 5 சதவீதச் சாய்வு. 80 × 0.05 × 1.8 = 7.2 கூடுகிறது. மொத்தம் 18.7. அரைமணிக்கு 224. வேகத்தைத் தொடவே இல்லை, ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

எலிப்டிக்கலில் மிதமாக மிதித்தால் ஓய்வில் இருப்பதைப் போல் சுமார் ஐந்து மடங்கு செலவு என்று படித்தேன். 17.5 என்று வைத்தால் அரைமணிக்கு 210. ஆக இரண்டும் ஒன்றுதான். தம்பி, உங்கள் ஸ்கிரீனில் வந்த 400 யாருடைய எடைக்கு?

கெலமங்கலம் பையன்
ஏப்ரல் 7, இரவு 8.52

எடை போடவே சொல்லல அது 😅 நேரா ஸ்டார்ட்டுதான்.

நெல்லிமரம்
ஏப்ரல் 7, இரவு 9.20

டீச்சர் கணக்கில் இரண்டு திருத்தம். அரைமணி சும்மா உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு 42 கலோரி போகும், அதைக் கழித்தால்தான் நடையால் கிடைத்த லாபம் தெரியும். இரண்டாவது, சாய்வில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். உடம்பு பின்னால் சாய்ந்து பலகைக்கு நேர்க்குத்தாக நிற்கும், எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். ஸ்கிரீன் மட்டும் சாய்வுக்கு உரிய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பிடிக்காமல் நடக்க முடியாத சாய்வு உங்களுக்கு உரிய சாய்வு இல்லை. தடுமாற்றம் இருப்பவர்கள் விரல் வைத்துக்கொள்ளலாம், தொங்கக் கூடாது.

ஸ்பேனர் செட்டு
ஏப்ரல் 8, காலை 6.35

ஓசூர்ல இருந்து ஊத்தங்கரை வரைக்கும் ஜிம் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். உடம்புக் கணக்கு நமக்குத் தெரியாது. மெஷின் கணக்கு சொல்றேன்.

டிரெட்மில் வாங்கினா மோட்டார் பவரைக் கேளுங்க. டப்பால கொட்டை எழுத்துல போட்டிருக்கிறது "பீக்". அதை விட்டுட்டு "கன்டினியூவஸ்" எவ்வளவுன்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா வெளிய வந்துடுங்க. வேகமா ஓடுறவனாலதான் மோட்டார் போகும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் கழட்டிப் பார்த்த வரைக்கும் எடை அதிகமா இருக்கிறவங்க மெதுவா நடக்கிறதுதான் மோட்டாருக்குக் கஷ்டம். கம்மி வேகத்துல பெல்ட்டை இழுக்க கரண்டு நிறைய வாங்கும், உள்ள ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், சூடு ஏறும், கடைசியில கன்ட்ரோல் போர்டு போயிடும். டீச்சருக்கு 80 கிலோன்னா 120 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்ட மெஷின் எடுங்க.

அடுத்தது ஆயில். பெல்ட்டுக்கு அடியில சிலிக்கான் ஆயில் விடணும். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிட்டு, பெல்ட்டுக்கு அடியில நடுவாக் கையை விட்டுப் பாருங்க. விரல்ல பிசுபிசுன்னு ஒட்டினா இருக்கு, காய்ஞ்சிருந்தா விடணும். தேங்காய் எண்ணெய் விட்டவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன். ஏன்னு கேட்காதீங்க.

எலிப்டிக்கல்னா, கடையில கிராஸ் டிரெய்னர்னு சொல்லுவாங்க, டேப் எடுத்துட்டுப் போங்க. பெடல் முன்னாடி போற கடைசிப் புள்ளியில இருந்து பின்னாடி வர்ற கடைசிப் புள்ளி வரைக்கும் அளங்க, அதுதான் ஸ்டிரைடு. வீட்டுக்கு விக்கிற சின்ன மெஷின்ல 12, 14 இஞ்சுதான் இருக்கும். அதுல நடக்கிற மாதிரி வராது, நின்ன இடத்துலயே படி ஏறுற மாதிரி கால் மேலயும் கீழயும் போகும். ஜிம் மெஷின்ல 18, 20 இஞ்சு இருக்கும். ரெண்டு பெடலுக்கும் நடுவுல இடைவெளி அகலமா இருந்தா இடுப்பு புடிச்சுக்கும், அதையும் பாருங்க.

ஒண்ணு மட்டும் எலிப்டிக்கலுக்கு ப்ளஸ். காந்தம் வெச்சது பெரும்பாலும் கரண்டு இல்லாமலே ஓடும், ஸ்கிரீனுக்கு மட்டும் பேட்டரி. டிரெட்மில்லை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. நடந்துக்கிட்டு இருக்கும்போது கரண்டு போனா பெல்ட் சட்டுனு நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க.

வத்தல்மலை
ஏப்ரல் 8, காலை 9.15

களியைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

மாங்கொட்டை
ஏப்ரல் 8, மாலை 5.40

சொல்கிறேன் ஐயா. நூறு கிராம் கேழ்வரகு மாவிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 320க்கும் 350க்கும் நடுவில். நார் கூட இருப்பதால் கேழ்வரகில் பசி தாங்கும், அது உண்மை. ஆனால் எங்கள் மாமியார் உருட்டும் உருண்டையில் ஒன்றைச் சாப்பிட்டால் இரண்டு ஆள் சோறு உள்ளே போனதாக அர்த்தம். காட்டு வேலை செய்கிறவருக்கு அது சரி. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு உருண்டையின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாங்கொட்டை
ஏப்ரல் 27, இரவு 9.10

ஜிம்மில் கட்டி இரண்டிலும் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நாளில் ஒரு மெஷின் மட்டும். இல்லாவிட்டால் வலி எதனால் வந்தது என்று தெரியாது.

எலிப்டிக்கலில் ஏறியவுடன் சொர்க்கம். இடியே இல்லை, காலை யாரோ தூக்கி வைப்பது போல் இருந்தது. வலி அப்போது வரவில்லை, அன்று இரவு வந்தது. உட்கார்ந்து எழுந்தால் சில்லுக்குப் பின்னால் பிடித்தது. மறுநாள் காலை பள்ளிக்கூட மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதோடு கால் விரல்கள் மரத்துப்போகின்றன.

டிரெட்மில்லில் நேர்மாறு. ஏறும்போது முதல் ஐந்து நிமிஷம் முட்டி முறுக்கிக்கொண்டு வலிக்கிறது. பிறகு விட்டுவிடுகிறது. மறுநாள் ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்வத்தில் சாய்வை 6க்கு ஏற்றிய நாளில் முட்டியை விட்டுவிட்டுக் கெண்டைக்காலுக்குக் கீழே, குதிகாலுக்கு மேலே நரம்பு இழுத்தது.

இப்போது எந்த வலியைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது?

நெல்லிமரம்
ஏப்ரல் 28, காலை 6.55

மெஷின் மேல் இருக்கும்போது வரும் வலியைவிட மறுநாள் காலையை நம்புங்கள். நடக்கும்போது பத்துக்கு மூன்று, நான்கு வரை வலித்து, மறுநாள் எழும்போது முந்தின நாள் காலை இருந்த நிலைக்கே திரும்பியிருந்தால் அந்த அளவு உங்களுக்குச் சரி. மறுநாள் வீக்கமோ, வழக்கத்தைவிட அதிகப் பிடிப்போ, படி இறங்க முடியாமையோ இருந்தால் அளவு அதிகம். அப்போது முதலில் நேரத்தைக் குறையுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் மெஷினை மாற்றுங்கள். இந்தக் கணக்கில் உங்கள் எலிப்டிக்கல் தோற்றுவிட்டது, டிரெட்மில் தேறிவிட்டது. முதல் ஐந்து நிமிஷ வலி தேய்மான முட்டிக்கு வழக்கம். மணிக்கு 2, 2.5 கிலோமீட்டரில் ஆரம்பித்தால் அதுவும் தணியும்.

விரல் மரப்பது, பாதம் தூக்கப்படாமல் முன்பகுதியிலேயே எடை நிற்பதால். குதிகாலைப் பெடலில் பதித்து, ஷூக் கயிற்றைத் தளர்த்தினால் பெரும்பாலும் போய்விடும்.

குதிகாலுக்கு மேல் இழுத்தது சாய்வால்தான். சாய்வு ஏற ஏறக் கணுக்கால் அதிகம் மடங்கி, குதிகால் தசைநாண் இழுபடும். 2லிருந்து 3 சதவீதத்தில் நில்லுங்கள். அங்கே பழகிய பிறகு அரைஅரையாக ஏற்றலாம். இறக்கச் சாய்வு உள்ள மெஷின் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். படி இறங்கும் வலிதான் அங்கேயும் வரும்.

இன்னொன்று, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. வலிக்காத உயரத்தில், தேவைப்பட்டால் தலையணை போட்டு. தொடைக்குப் பலம் ஏறாமல் எந்த மெஷினும் படி இறங்கும் வலியைத் தீர்க்காது.

கெலமங்கலம் பையன்
ஏப்ரல் 28, காலை 10.20

அக்கா ஏறின எலிப்டிக்கல் மெஷினே மோசமா இருந்தா? ஸ்டிரைடு அளந்தீங்களா?

மாங்கொட்டை
ஏப்ரல் 28, மாலை 6.15

அளந்தேன். பதினாலு இஞ்சுகூட முழுதாக இல்லை.

ஸ்பேனர் செட்டு
ஏப்ரல் 28, இரவு 7.00

அது வீட்டு மெஷின், ஜிம்முல போட்டு வெச்சிருக்காங்க. தம்பி கேட்டதுல நியாயம் இருக்கு. 20 இஞ்சு மெஷின்ல ஏத்திப் பார்த்தா டீச்சருக்கு வேற மாதிரி இருந்திருக்கலாம்.

நெல்லிமரம்
ஏப்ரல் 28, இரவு 9.30

ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சோதனையில் தோற்றது அந்த மெஷின், எலிப்டிக்கல் என்கிற வகையே தோற்றதாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு பட்ஜெட்டில் வாங்கக் கிடைப்பதும் அந்த மெஷின்தானே.

வத்தல்மலை
மே 3, காலை 6.05

நெல்லிமரம் அம்மாவுக்கு ஒரு கேள்வி. என் தங்கை பென்னாகரம் பக்கம் கட்டிக்கொடுத்தது. வயது 60. முட்டி, இடுப்பு, கழுத்து எல்லாம் இறுகிப் போயிருக்கிறது. குனிய முடியவில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு மருமகன் அவளுக்கு ஒரு நடை மெஷின் வாங்கித் தரலாமா என்கிறான். சிறு வயதிலிருந்து போர் தண்ணீர்தான் குடித்தாள். பல் பழுப்பேறியிருக்கும்.

நெல்லிமரம்
மே 3, பிற்பகல் 2.30

ஐயா, நல்லவேளை கேட்டீர்கள். மெஷின் இப்போது வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பல வருஷம் அதற்கு மேல் குடித்தவர்களுக்கு எலும்பிலும் தசைநாரிலும் அது படிந்து, முதுகும் கழுத்தும் இறுகலாம். சாதாரண மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து வருஷக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு முட்டி மட்டும் வலிப்பதற்கும், கழுத்தும் முதுகும் சேர்ந்து திரும்ப மறுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பல் கறை சந்தேகத்தைக் கூட்டுகிறது, ஆனால் பல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, முன்கையும் இடுப்பும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் போர் தண்ணீர்தான் என்றால் அதையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்த எலும்பு பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் எளிதில் முறியும். டிரெட்மில்லில் தடுமாறி விழ வைக்காதீர்கள்.

மாங்கொட்டை
மே 3, இரவு 8.00

இதைப் படித்துவிட்டு நானும் கண்ணாடியில் பல்லைப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்தது வேறு மாவட்டம், எனக்குக் கழுத்தெல்லாம் நன்றாகவே திரும்புகிறது. பின் பெஞ்சுப் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஓசூர் ஷிப்டு
மே 11, இரவு 12.10

எனக்கு ஒரு சந்தேகம். ஏழு கிலோ குறைஞ்சதுக்கு எலிப்டிக்கல்தான் காரணம்னு நினைச்சேன். கேன்டீன்ல ராத்திரி பரோட்டாவை நிறுத்தினதும் அதே மாசம்தான். இப்ப எதுக்கு நன்றி சொல்றது?

மாங்கொட்டை
மே 11, காலை 7.40

பரோட்டாவுக்கு. என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 4 கிலோமீட்டர், 3 சதவீதச் சாய்வு, அரைமணி நேரம். மொத்தம் 165 கலோரி, சும்மா இருந்தால் போகும் 42ஐக் கழித்தால் 123. வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 615. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700. வேறு எதையும் மாற்றாமல் நடந்தால் ஒரு கிலோ குறைய மூன்று மாதம் ஆகும். கிருஷ்ணகிரியில் மே மாதம் இருந்துகொண்டு இதைச் சொல்வது கொடுமை. ஒரு மாம்பழத்தில் 200 கிராம் சதை இருந்தால் சுமார் 120 கலோரி. அரைமணி நடை ஒரு பழத்தோடு முடிந்தது. எங்கள் வீட்டில் மல்கோவா கூடையில் வந்து இறங்குகிறது.

கெலமங்கலம் பையன்
மே 11, காலை 9.30

அப்போ மெஷினே வேஸ்டா?

நெல்லிமரம்
மே 11, பிற்பகல் 1.20

இல்லை. எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டுதான். குறைந்ததை மறுபடி ஏறாமல் காப்பதும், முட்டியை இறுக விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பதும் நடை. முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் அளந்தபோது, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் நாலு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். டீச்சர் மூன்று கிலோ குறைத்தாலே அடிக்குப் பன்னிரண்டு கிலோ. மெஷினை மாற்றி இவ்வளவு சுமையை இறக்க முடியாது. மாம்பழத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் இந்த ஊரில் யார் கேட்பார்கள். அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள்.

மாங்கொட்டை
ஜூன் 15, இரவு 9.00

டிரெட்மில் வாங்கியாயிற்று. ஏற்கெனவே உபயோகித்த பழைய மெஷின், ஓசூரில் வீடு காலி செய்கிற குடும்பத்திடம். ஏறி நின்று, நடந்து, பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, கன்டினியூவஸ் பவர் கேட்டு, அந்த வீட்டம்மா என்னை மெக்கானிக் என்றே நினைத்துவிட்டார்கள். எடை 78க்கு வந்திருக்கிறது. படி இறங்கும்போது இன்னும் வலி இருக்கிறது, ஆனால் சுவரைப் பிடிப்பதில்லை.

ஒரு பிரச்சினை. சாய்வுக்குப் பட்டன் கிடையாது, அடியில் காலை மாற்றி மாட்டும் மூன்று படிதான். அதில் எத்தனை சதவீதம் என்று எங்கேயும் எழுதவில்லை.

ஸ்பேனர் செட்டு
ஜூன் 16, காலை 6.20

முன் ரோலர் நடுப்புள்ளி தரையில இருந்து எவ்வளவு உயரம், பின் ரோலர் எவ்வளவு உயரம், ரெண்டையும் அளங்க. வித்தியாசத்தை ரெண்டு ரோலருக்கும் நடுவுல இருக்கிற நீளத்தால வகுத்து நூறால பெருக்குங்க. கணக்கு டீச்சருக்கு நான் சொல்லித் தரணுமா? மாடியில தரை மட்டமா இருக்கான்னும் பாருங்க, மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்டுக் கட்டியிருப்பாங்க.

மாங்கொட்டை
ஜூன் 16, மாலை 6.50

நீளம் 120 சென்டிமீட்டர். முதல் படியில் வித்தியாசம் 3.6. சரியாக 3 சதவீதம். இரண்டாவது படி 6.6, அதாவது 5.5 சதவீதம். முதல் படியிலேயே விட்டுவிட்டேன். தரை வாட்டம் கதவுப் பக்கம்தான், மெஷினைக் குறுக்கே போட்டிருப்பதால் நீளவாக்கில் வித்தியாசம் இல்லை. ஆனால் பெல்ட் இடது பக்கமாக ஒதுங்குகிறது, அது வாட்டத்தாலா?

ஸ்பேனர் செட்டு
ஜூன் 16, இரவு 8.05

ஆமா, முதல்ல தாழ்வா இருக்கிற பக்கத்து மெஷின் காலுக்கு அடியில ரப்பர் ஷீட்டு வெச்சு மட்டம் பாருங்க. அப்பவும் ஒதுங்கினா பின்னாடி இடது போல்ட்டைக் கால் சுத்து மட்டும் வலப்பக்கமாத் திருகி, ஆள் ஏறாம மெதுவா ஒரு நிமிஷம் ஓட விடுங்க. நேராகலைன்னா இன்னொரு கால் சுத்து. ஒரே தடவையில முழுச் சுத்து சுத்திடாதீங்க.

ஓசூர் ஷிப்டு
ஜூன் 17, இரவு 12.40

டீச்சர், அந்த வீட்ல எலிப்டிக்கல் ஏதாவது விக்கிறாங்களா? 18 இஞ்சுக்கு மேல இருந்தா சொல்லுங்க.